இருபது சதவீதம் சரி, எதில்?

தீபாவளிக்குச் சில வாரம் முன்பு தமிழக அரசின் அறிவிப்பு வரும். அண்மைக் காலமாகப் பல ஆண்டுகளில் அது ஒரே அச்சில் வந்திருக்கிறது: பொதுத்துறை நிறுவனங்களின் சி, டி பிரிவுத் தொழிலாளர்களுக்கு 8.33 சதவீதம் போனஸ், 11.67 சதவீதம் கருணைத் தொகை, ஆக 20 சதவீதம். மாதம் 30,000 ரூபாய் வாங்கும் கண்டக்டர் வருடச் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு என்று மனக்கணக்குப் போட்டால் 72,000 வரும். கைக்கு வருவதோ அதிகபட்சம் 16,800. காரணம், மாதச் சம்பளம் 7,000 ரூபாய் என்று வைத்துத்தான் கணக்கு. பன்னிரண்டு மாதத்துக்கு 84,000. அதில் 20 சதவீதம் 16,800.

ரயில்வேயின் ‘78 நாள் சம்பளம்’ கதையும் இதேதான். அதே 84,000-ஐ 365-ஆல் வகுத்து 78-ஆல் பெருக்கினால் 17,951 ரூபாய். பலரின் ஒரு மாதச் சம்பளத்துக்கே அது கட்டாது.

ஆக, அறிவிப்பில் சதவீதத்தைவிட முக்கியம் அது எதன் மீது என்பது. பெரும்பாலான நோட்டீஸ்களில் விட்டுப்போவதும் அதுதான்.

1965-ஆம் ஆண்டு போனஸ் சட்டம் வகுத்து, 2019-இல் நிறைவேறிய ஊதியச் சட்டத் தொகுப்பு எடுத்துக்கொண்ட அடிப்படை எளிது. ஆண்டில் 30 நாளாவது வேலை செய்தவருக்கு உண்டு, குறைந்தது 8.33 சதவீதம், கூடினால் 20. மாதம் 21,000 ரூபாய்வரை வாங்குபவர்கள்தான் இதில் வருவார்கள் என்பது 2015 திருத்தம் வைத்த வரம்பு. அதே திருத்தம்தான் கணக்குக்கு 7,000 ரூபாய் என்றும் வைத்தது. ஆனால் கூடவே ஒரு வரி சேர்த்தது: அந்தத் தொழிலுக்கான குறைந்தபட்சக் கூலி 7,000-ஐவிட அதிகமென்றால், அந்தக் கூலியே அடிப்படை. தனியார் ஆலைகளில் தகராறு முளைக்கும் இடம் இது.

ஒரு பனியன் கம்பெனியை வைத்துப் பார்க்கலாம். தையல்காரர் ஒருவருக்கு அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து மாதம் 15,000. அந்தத் தொழிலுக்குக் குறைந்தபட்சக் கூலி 11,500 என்று வைத்துக்கொள்வோம். கணக்கு 15,000-க்கும் இல்லை, 7,000-க்கும் இல்லை, 11,500-க்கு. வருடத்துக்கு 1,38,000 ஆகிறது. 8.33 சதவீதம் என்றால் சுமார் 11,495 ரூபாய், 20 என்றால் 27,600. பழைய பழக்கத்தில் 7,000-க்கே கணக்குப் போட்ட முதலாளி அவருக்கு 16,800 கொடுத்தால் 10,800 குறைகிறது. ஓவர்டைமும் வீட்டு வாடகைப்படியும் இந்தக் கணக்கில் சேராது என்பதையும் நோட்டீஸிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஓவர்டைம் பார்த்தவர்தான் முதலில் கேட்க வருவார்.

‘அனைவருக்கும்’ என்ற சொல்லும் ஆபத்தானது. அப்ரென்டிஸுக்குச் சட்டப்படி போனஸ் கிடையாது. மாறாக, ஊதியத்தோடு மகப்பேறு விடுப்பில் இருந்த நாட்கள் வேலை நாட்களாகவே கணக்கில் வரும். அவருக்குப் பிடித்தம் செய்யக் கூடாது. 21,000-க்கு மேல் வாங்கும் சூப்பர்வைசருக்கு நிர்வாகம் கொடுப்பது கருணைத் தொகை. அதற்கு நிர்வாகம் தன் நிபந்தனைகளை வைக்கலாம். இரண்டையும் ஒரே பத்தியில் கலந்து எழுதுவதால்தான், ‘பட்டுவாடா அன்று பணியில் இருப்பவர்களுக்கு மட்டும்’ என்ற வரி எல்லோருக்கும் பொருந்துவதாக ஆகிவிடுகிறது. மார்ச்வரை வேலை செய்துவிட்டு ஜூலையில் நின்றவருக்கும் அந்த ஆண்டுக்கான சட்ட போனஸ் பாக்கி உண்டு. அவர் கேட்கும்போது அக்கவுன்ட்ஸில் கை விரித்தால் அது சட்டத்தில் நிற்காது.

தேதி விஷயத்தில் சட்டம் தாராளம். கணக்கு ஆண்டு முடிந்து எட்டு மாதத்துக்குள் கொடுத்தால் போதும். மார்ச்சில் கணக்கு முடிப்பவருக்கு நவம்பர் 30. தீபாவளி எப்போதும் அதற்கு முன்பே வந்துவிடும். அதனால் பண்டிகைக்கு முன் பணம் என்பது சட்டம் அல்ல, வழக்கம். துணி எடுத்து ஊருக்குப் பஸ் ஏற வேண்டியவருக்கு ‘தீபாவளிக்கு முன்’ என்ற வாசகம் போதாது. எந்தத் தேதியில் வங்கியில் விழும் என்று தெரிய வேண்டும்.

இப்படி எழுதிய நோட்டீஸ் சண்டையைக் குறைக்கும்: “2025–26 கணக்கு ஆண்டுக்கு, 30 நாளுக்குக் குறையாமல் வேலை செய்த, மாதம் 21,000 ரூபாய்வரை பெறும் தொழிலாளர்களுக்கு 12 சதவீதம் போனஸ். கணக்கு அடிப்படை மாதம் 11,500 ரூபாய். முழு ஆண்டு வேலை செய்தவருக்கு 16,560 ரூபாய். இடையில் சேர்ந்தவருக்கு நாட்கணக்கில். அக்டோபர் 28 அன்று வங்கிக் கணக்கில் வரவாகும். இந்த ஆண்டு போனஸில் முன்பணம் பெற்றவர்களுக்கு அது கழிக்கப்படும். தொகையில் சந்தேகம் இருந்தால் அக்டோபர் 20-க்குள் அலுவலகத்தில் கேட்கலாம்.” அந்தக் கடைசி வரிக்காகவே நோட்டீஸை இரண்டு வாரம் முன்னதாக ஒட்ட வேண்டும். பணம் விழுந்த பிறகு வரும் கேள்விக்குத் திருத்தம் செய்ய, வங்கிக்கும் பண்டிகை விடுமுறை வந்துவிடுகிறது.