மூன்று தாள், ஒரே கணக்கு

திருப்பூரிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு டி-ஷர்ட் போகிறது. இன்வாய்ஸில் 9,600 உருப்படி. பேக்கிங் லிஸ்ட்டில் விலையைத் தேடாதீர்கள். பெட்டி எண், உருப்படி, எடைதான் இருக்கும். 400 பெட்டி, தலா 24 என்றால் கணக்கு சரி. கடைசிப் பெட்டியில் 18தான் என்றால் 9,594. இன்வாய்ஸைத் திருத்தாவிட்டால், இல்லாத ஆறுக்கும் பணம் கேட்டதாகிவிடும். கஸ்டம்ஸ் பெட்டியைப் பிரிக்கலாம், எல்.சி. என்றால் வங்கி பணத்தை நிறுத்தலாம்.

மூலச் சான்றிதழ் சரக்கு இந்தியாவில் தயாரானது என்கிறது. 2022 டிசம்பர் 29 முதல் அமலான ஒப்பந்தப்படி, அதைக் காட்டினால் ஆஸ்திரேலியாவின் 5 சதவீத வரி இல்லை. அதிலுள்ள இன்வாய்ஸ் எண்ணோ சரக்குக் குறியீடோ மாறியிருந்தால், சான்றிதழ் இந்தச் சரக்குக்குத்தானா என்ற சந்தேகம் எழும், சலுகை மறுக்கப்படலாம். ஆகவே, கடைசிப் பெட்டியை ஒட்டிய பிறகே இன்வாய்ஸை முடியுங்கள். சான்றிதழுக்கு அதன்பின் விண்ணப்பியுங்கள்.