பொடிப் பாக்கெட்டில் அச்சான பெயர்

அம்மா இட்லிப் பொடியும் பருப்புப் பொடியும் இடித்து விற்கிறார். போன வருடம் வெப்சைட் செய்து கொடுத்தவருக்கு 18,000 ரூபாயை மொத்தமாகக் கொடுத்துவிட்டார். இந்த மாதம் 4,600 ரூபாய்க்கு ஒரு பில்லை அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்.

"ஏட்டி, வேலையை முடிச்சுக் குடுத்து காசையும் வாங்கியாச்சு. பெறவு என்ன காசு?"

முதலில் கொடுத்தது செய்கூலி. இப்போது கேட்பதில் 3,500 ரூபாய் ஹோஸ்டிங்குக்கு. அம்மாவின் பொடிப் படங்களும் விலைப் பட்டியலும் எங்கோ ஒரு டேட்டா சென்டரில், ராத்திரி பகலாக ஓடும் கம்ப்யூட்டரில் இருக்கின்றன. நடுராத்திரி சென்னையில் ஒருவர் போனில் தேடினாலும் அந்த மெஷின்தான் படத்தை எடுத்து அனுப்ப வேண்டும். "சரி, மெஷினுக்கு வாடகை" என்று அம்மா சட்டென்று பிடித்துக்கொண்டார்.

மீதி 1,100 ரூபாய்தான் அவருக்குப் பொறுக்கவில்லை. அது பெயருக்கு. "பேரு நாம வச்சதுதானே?"

வைத்தது நாம்தான், ஆனால் அதைச் சொந்தமாக வாங்கிவிட முடியாது. .in என்று முடியும் பெயர்களின் பதிவேடு இந்தியாவின் நிக்ஸி அமைப்பிடம் இருக்கிறது, எங்களுடையதைப் போல.com என்று முடிபவை அமெரிக்காவின் வெரிசைன் நிறுவனத்திடம். .com பெயரைக் குறைந்தது ஒரு வருடத்துக்கும் அதிகபட்சம் பத்து வருடத்துக்கும் பதியலாம். கெடு முடியுமுன் புதுப்பிக்க வேண்டும். போன வருடம் 199 ரூபாய்தான் ஆனது. அது முதல் வருடச் சலுகை. வாங்கும்போதே புதுப்பிக்கும் விலையைப் பார்த்திருக்க வேண்டும்.

"கட்டாட்டா?"

சைட் நின்றுவிடும். அந்தப் பெயரில் வைத்திருக்கும் மெயிலும் நிற்கும். பெரும்பாலும் சில வாரங்கள் வரை வழக்கமான விலைக்கே புதுப்பிக்க விடுவார்கள். அதன்பின் மீட்பதற்கென்று 30 நாள் உண்டு, ஆனால் அப்போது பல மடங்கு கேட்பார்கள். அதுவும் போனால் ஐந்து நாளில் பெயர் பதிவேட்டிலிருந்து நீங்கிவிடும். பிறகு யார் வேண்டுமானாலும் பதியலாம். சில கம்பெனிகள் அதற்கு முன்பே ஏலம் விட்டுவிடுவதும் உண்டு. ஹோஸ்டிங் போனாலும் நகல் கையில் இருந்தால் வேறு இடத்தில் ஏற்றிக்கொள்ளலாம். பெயர் போனால் அப்படி முடியாது.

அலமாரியிலிருந்து ஒரு பருப்புப் பொடிப் பாக்கெட்டை எடுத்துக் காட்டினேன். காலாவதித் தேதிக்குக் கீழே சைட் முகவரி. அதே ஸ்டிக்கர் இன்னும் 500 இருக்கிறது. பெயரை ஒரு சூதாட்டக் கம்பெனி எடுத்துக்கொண்டால், இந்தப் பாக்கெட்டைப் பார்த்துத் தட்டுகிறவர்கள் அங்கேதான் போய் நிற்பார்கள்.

அம்மா பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பில்லு ஏன் எனக்கு வராம அந்தத் தம்பிக்குப் போச்சு?" என்றார்.

நான் கவனிக்காமல் விட்டது அதுதான். பெயரை அவர் தன் கணக்கில், தன் மெயிலைக் கொடுத்துப் பதிந்திருக்கிறார். எச்சரிக்கை, ஓடிபி எல்லாம் அவருக்குத்தான் போகும். அவர் நம்பரை மாற்றினாலோ வேலையை விட்டாலோ கெடு தாண்டியது எங்களுக்குத் தெரியாது.

அம்மா அப்போதே போனை எடுத்தார். "தம்பி, பணத்த இன்னைக்கே போட்டுவிடுதேன். அந்தப் பேர மட்டும் என் மெயிலுக்கு, என் பேருக்கு மாத்திக் குடுத்துருப்பா."