“கல்யாணம் எப்போம்மா?” என்று கேட்டால்

1989-ல் எல்.ஐ.சி.யில் உதவியாளர் வேலைக்குத் தேர்வான ஒரு பெண்ணிடம் ஓர் உறுதிமொழிப் படிவத்தை நீட்டினார்கள். மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா, கடைசியாக வந்த தேதி என்ன, இதுவரை எத்தனை முறை கருத்தரித்தீர்கள், கருச்சிதைவு ஆனதுண்டா என்று அதில் கட்டம் கட்டமாகக் கேட்டிருந்தது. அவர் நிரப்பிக் கொடுத்தார். நிறுவனத்தின் மருத்துவரே பரிசோதித்து, உடல்தகுதி உண்டு என்று எழுதினார். வேலையில் சேர்ந்த சில மாதங்களில் பேறுகால விடுப்பு எடுத்தார், குழந்தை பிறந்தது. படிவத்தில் எழுதிய தேதியும் பிரசவம் பார்த்த மருத்துவரின் சான்றிதழில் இருந்த தேதியும் ஒத்துப்போகவில்லை, கர்ப்பத்தை மறைத்துவிட்டார் என்று சொல்லி, தகுதிகாண் பருவத்திலேயே அவரை வெளியே அனுப்பினார்கள்.

டெல்லி உயர் நீதிமன்றம் கைவிட்டது. உச்ச நீதிமன்றம் 1991-ல் அவரை மீண்டும் வேலையில் அமர்த்தச் சொன்னது. நீரா மாத்தூர் வழக்கு என்று சட்டக்காரர்கள் சொல்வது இதைத்தான். அவர் எழுதிய தேதி சரியா தப்பா என்பதில் நீதிபதிகள் தேங்கி நிற்கவில்லை. அவருடைய வேலையில் குறை இருந்ததாக எந்தப் பதிவும் இல்லை என்பதைப் பார்த்தார்கள். அந்தக் கேள்விகளே ஒரு பெண்ணைக் கூச வைப்பவை, சுயமரியாதை உள்ளவர் பதில் சொல்லத் தயங்குவது இயல்பு என்று சொல்லி, அந்தக் கட்டங்களைப் படிவத்திலிருந்தே நீக்கச் சொன்னார்கள்.

ஆனால் எல்.ஐ.சி. பொதுத்துறை நிறுவனம். அரசியலமைப்புச் சட்டத்தின் 14, 15, 16-ஆம் பிரிவுகள் அதை நேரடியாகக் கட்டுப்படுத்தும். இன்று ‘ஹெச்.ஆர்.’ அறையில் உட்கார்ந்து, “வீட்டில மாப்பிள்ளை பார்க்கிறாங்களாம்மா?” என்று கேட்பவர் பெரும்பாலும் தனியார் நிறுவனத்துக்காரர். அங்கே என்ன செய்வது?

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இந்தக் கேள்வியைக் கேட்கவே கூடாது என்று தனியாருக்குத் தடை போடும் தனிச்சட்டம் நம் நாட்டில் இல்லை. இருப்பது வேறு. ஒரே மாதிரியான வேலைக்கு ஆளெடுக்கும்போது பெண் என்பதற்காகப் பாகுபாடு காட்டக் கூடாது என்று 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் 5-ஆம் பிரிவில் சொன்னது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின் 3-ஆம் பிரிவிலும் இதே கருத்து இருக்கிறது. ஆக, குற்றம் கேள்வியில் இல்லை, அந்தப் பதிலை வைத்து வேலையை மறுப்பதில் இருக்கிறது. “நாங்கள் பெண் என்பதற்காகவா மறுத்தோம், திருமணம் ஆகப்போகிறது என்றுதானே மறுத்தோம்?” என்று நிறுவனம் வாதிடலாம். அப்படியானால் அதே நாற்காலியில் உட்கார்ந்த ஆண்களிடமும் கல்யாணத் தேதியைக் கேட்டார்களா என்பதுதான் உரைகல். கேட்கவில்லை என்றால் அது பெண் என்பதற்காகக் கேட்டதுதான்.

அறைக்குள் கொடுக்கும் பதிலுக்கு வருவோம். கேட்பவரின் மனதில் பெரும்பாலும் ஓடுவது, இவர் நிற்பாரா, இரவு ஷிப்ட் வருவாரா, வெளியூர் போவாரா என்பதுதான். அதை எடுத்துக்கொண்டு பதில் சொன்னால் போதும். “சார், இந்த வேலைக்கு மாதம் எத்தனை நாள் வெளியூர்ப் பயணம் இருக்கும்? அதுக்கு நான் தயார்” என்று சொல்லலாம். விடாமல், “அதில்லம்மா, ஒரு வருஷத்துல குழந்தைன்னு போயிட மாட்டீங்களே?” என்றால், “சார், அது என் சொந்த விஷயம். வேலை பத்தி எது வேணும்னாலும் கேளுங்க” என்று அமைதியாகச் சொல்லலாம். “இப்போதைக்குக் குழந்தை பெத்துக்க மாட்டேன்” என்று வாக்குக் கொடுக்காமல் இருப்பது நல்லது. நாளைக்கு அதையே பிடித்துக்கொண்டு பேசுவார்கள். எழுத்தில் அப்படி ஒப்பந்தம் வாங்கினாலும் பேறுகாலச் சலுகையை அது பறிக்க முடியாது. ஆனாலும் அப்படி ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போடும் முன் அதன் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்தப் புகார்கள் தோற்பது சட்டம் இல்லாததால் அல்ல, சான்று இல்லாததால். ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். கோவையில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவுக்கு நேர்முகத் தேர்வு. இரண்டு சுற்று நன்றாகப் போகிறது. மூன்றாவது சுற்றில் கல்யாணக் கேள்வி வருகிறது, அதன்பிறகு சத்தமே இல்லை. அந்தப் பெண் அன்று மாலையே செய்ய வேண்டிய வேலை இரண்டு. கேட்டவர் யார், எத்தனை மணிக்கு, என்ன வார்த்தையில் கேட்டார் என்பதைப் பேசிய மொழியிலேயே எழுதி வைக்க வேண்டும். பிறகு நிறுவனத்துக்கு நன்றி சொல்லி ஒரு மின்னஞ்சல். அதில், “இன்றைய சுற்றில் என் திருமணம் குறித்துக் கேட்கப்பட்டது. இந்தப் பணியைச் செய்வதற்கு அது தடையாக இருக்காது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்” என்று இரண்டு வரி. சண்டைக்கான கடிதம் இல்லை இது. ஆனால் அப்படிக் கேட்கவே இல்லை என்று பிறகு அவர்கள் சொன்னால், அன்றைய தேதியோடு ஒரு பதிவு நிற்கும். இரண்டு வாரம் கழித்து, நிராகரித்த காரணத்தை மின்னஞ்சலிலேயே கேட்க வேண்டும். அதே வேலைக்கு மறுபடி விளம்பரம் வந்தால் படம் பிடித்து வைக்க வேண்டும்.

விளம்பரம் எவ்வளவு முக்கியம் என்பதை நாம் பக்கத்திலேயே பார்த்தோம். ஸ்ரீபெரும்புதூர் பாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் பொருத்தும் வேலைக்குத் திருமணமான பெண்களை எடுப்பதில்லை என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. ஆளெடுக்கும் முகவர்களின் விளம்பரங்களையும் அது சுட்டிக்காட்டியது. பாகுபாடு காட்டவில்லை என்று நிறுவனம் மறுத்தது. மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் அதே 5-ஆம் பிரிவைச் சொல்லித்தான் தமிழ்நாடு தொழிலாளர் துறையிடம் அறிக்கை கேட்டது.

தனியார் நிறுவனம் என்றால் மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுத்து, ஒப்புகை வாங்க வேண்டும். மாநில மகளிர் ஆணையத்துக்கும் எழுதலாம். அரசு அல்லது பொதுத்துறை வேலை என்றால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட வழி உண்டு. தனியாரிடம் அபராதம் வாங்க வைக்கலாமே தவிர, அந்த வேலையே திரும்பக் கிடைக்கும் என்று எண்ணிப் புகார் கொடுக்காதீர்கள். அது அபூர்வம்.

பலருக்குத் தெரியாத இன்னொரு வழியும் இருக்கிறது. கேள்வி எல்லை மீறி, கருத்தடை, உடலுறவு என்று போனால் அது 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தின் கீழ் வரக்கூடும். அந்தச் சட்டம், வேலையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எந்தப் பெண்ணும் புகார் தரலாம் என்கிறது. நேர்முகத் தேர்வுக்கு வந்தவரும் அதில் அடக்கம். பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில் உள்புகார்க் குழு இருந்தாக வேண்டும். மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும்.

ஏற்கெனவே கர்ப்பமாக இருப்பவர் என்ன செய்வது? தானாகச் சொல்லியே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கதிரியக்கம், ரசாயனம், பாரம் தூக்குவது போன்ற வேலை என்றால் உங்கள் நலனுக்காகச் சொல்லிவிடுவது நல்லது. மற்றபடி கணக்குப் போட்டுப் பாருங்கள். பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் அந்த நிறுவனத்தில் வேலை செய்திருந்தால் சம்பளத்தோடு பேறுகால விடுப்பு உண்டு, முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம். வாரம் ஐந்து நாள் வேலை என்றால் 80 நாள் என்பது 16 வாரம். ஜூன் தொடக்கத்தில் சேர்பவருக்கு நவம்பரில் பிரசவம் என்றால், விடுப்பு எடுக்காமல் வந்தால் செப்டம்பர் மூன்றாம் வாரத்திலேயே அந்தக் கணக்கு நிறைந்துவிடும். இ.எஸ்.ஐ.யில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு இல்லை, சந்தா கட்டிய நாள்களை வைத்துப் பார்ப்பார்கள். அதனால் சேரும்போதே நீங்கள் எதில் வருகிறீர்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பணி நியமனக் கடிதம் கையில் வந்து, வேலையில் சேர்ந்த பிறகு, மருத்துவச் சான்றோடு எழுத்தில் தெரிவியுங்கள். வாய்மொழியாக மேலாளரிடம் சொன்னது பதிவில் ஏறாது.