நான் தட்டிய ஐந்து நட்சத்திரம்

பார்சிப்பனியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கும் தோழி ஒருத்தி, சென்ற ஆண்டு செப்டம்பரில் வாட்ஸ்அப்பில் கேட்டாள். "அக்கா, நீங்க வாங்கின வெட் கிரைண்டர் எப்படி இருக்கு? நல்லா அரைக்குதா?" நான் லிங்கை அனுப்பிவிட்டு, கீழே ஒரே ஒரு வரி போட்டேன்: "நல்லா இருக்கு, நானே அஞ்சு ஸ்டார் குடுத்திருக்கேன்." அதோடு என் வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

அந்த அஞ்சு ஸ்டாரை நான் கொடுத்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன். கிரைண்டர் வந்து எட்டு நாள் இருக்கும். இரண்டு முறைதான் மாவு அரைத்திருந்தேன். ஆன்லைன் கடையின் ஆப்பில் இருந்து போனுக்கு ஒரு செய்தி வந்தது, உங்கள் பொருள் எப்படி இருக்கிறது என்று. ஐந்தாவது நட்சத்திரத்தைத் தொட்டேன். எழுதுவதற்கும் ஒரு கட்டம் இருந்தது, அதை மூடினேன். அடுப்பில் பால் இருந்தது. எல்லாமாக மூன்று விநாடி ஆகியிருக்கலாம்.

அவள் வாங்கினாள். இருநூறு டாலருக்குச் சற்று மேல். ஆறாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை இரவு, கருகிய வாசனையோடு மோட்டார் நின்றுபோனது. திருப்பிக் கொடுக்க இருந்த 30 நாளும் கடந்திருந்தது. வாரண்டி இருந்தது, ஆனால் கல்லோடு சேர்த்து அத்தனை கனமான பெட்டியை நம் செலவில் அனுப்ப வேண்டுமாம். "உங்களுக்கு மட்டும் எப்படிக்கா நல்லா ஓடுது?" என்று அவள் கேட்டபோது குறை சொல்லும் குரல் இல்லை, உண்மையாகவே புரியாமல் கேட்டாள். எனக்கும் அப்போது பதில் தெரியவில்லை.

அடுத்த வாரம் அவள் சமையலறையில் உட்கார்ந்து பேசியபோது தெரிந்தது. எங்கள் வீட்டில் இரண்டே பேர். நான் போடுவது இரண்டு கப் இட்லி அரிசி, அரை கப் உளுந்து. உளுந்து இருபத்தைந்து நிமிடம் ஓடும். அதை வழித்தெடுத்து, டிரம்மைக் கழுவி, அரிசியைப் போடுவதற்குள் மோட்டாருக்குத் தானாகவே ஓய்வு கிடைத்துவிடும். அவள் வீட்டில் பெரியவர்களும் பிள்ளைகளுமாக ஆறு பேர். ஒரு வாரத்துக்கான மாவை ஒரே ராத்திரியில் அரைப்பாள்: ஆறு கப் அரிசி, ஒன்றரை கப் உளுந்து. இங்கே ஒரு கப் என்பது ஏறக்குறைய 240 மில்லி. ஆறு கப் அரிசி உலர்ந்த நிலையிலேயே கிட்டத்தட்ட ஒன்றரை லிட்டர். ஊறினால் இன்னும் உப்பும். கிரைண்டரின் கொள்ளளவே 2 லிட்டர்தான். தண்ணீர் ஊற்றும் முன்பே டிரம் நிறைந்துவிடும். கல் திணறும். திணறும் கல்லை இழுக்க மோட்டார் கூடுதல் மின்சாரம் இழுத்துச் சூடாகும். அது ஆறுவதற்குள் அடுத்த ஈடு. தொடர்ந்து அரை மணி நேரத்துக்கு மேல் ஓட்டாதீர்கள் என்று கையேட்டில் பொடி எழுத்தில் இருந்தது. அதை அவளும் படிக்கவில்லை, நானும் படித்ததில்லை. என் சமையலுக்கு அது தேவைப்படவே இல்லை.

என் ஐந்து நட்சத்திரம் பொய் இல்லை. இரண்டு பேர் வீட்டுக்கு, இரண்டு கப் அரிசிக்கு, வாங்கி எட்டாவது நாளில், அது முழுக்க உண்மை. ஆனால் இந்த மூன்று நிபந்தனையும் என் தலைக்குள்ளேயே தங்கிவிட்டன. திரையில் போய்ச் சேர்ந்தது நட்சத்திரம் மட்டும். "வீட்டில் இரண்டு பேர், ஒரு ஈடுக்கு இரண்டு கப்" என்று ஒரு வரி எழுதியிருந்தால் அவள் உடனே கேட்டிருப்பாள், "ஆறு கப் தாங்குமாக்கா?" என்று. நட்சத்திரத்தைப் பார்த்து அப்படி ஒரு கேள்வி யாருக்கும் எழாது.

இதற்குப் பிறகு அந்தக் கிரைண்டரின் பக்கத்தை ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து படித்தேன். வாங்கும்போது செய்திருக்க வேண்டிய வேலை. சராசரி நாலரைக்கு மேல் இருந்தது. மதிப்பிட்டவர்களில் பெரும்பாலோர் என்னைப் போலவே தட்டிவிட்டுப் போனவர்கள். எழுதியவர்கள் கொஞ்சம் பேர்தான். அமேசான் 2019-ல் எழுதாமலே நட்சத்திரம் மட்டும் தரும் வசதியைக் கொண்டுவந்தது. மதிப்பீடுகளின் எண்ணிக்கை பெருக அது உதவியிருக்கும். ஆனால் தட்டிவிட்டுப் போனவர் எந்த மாடலை வாங்கினார், எப்போது வாங்கினார், எத்தனை நாள் ஓட்டினார் என்பது படிப்பவருக்குத் தெரிவதில்லை.

மாடல் தெரியாமல் போவது நம் ஊர்ப் பொருள்களில் சின்ன விஷயம் இல்லை. ஒரே பக்கத்தில் ஒன்றேகால் லிட்டரும் 2 லிட்டரும் இருக்கும். 110 வோல்ட்டும் 230 வோல்ட்டும் இருக்கும். எல்லாவற்றின் நட்சத்திரங்களையும் ஒன்றாகக் குவித்து ஒரே சராசரியாகக் காட்டுவதும் உண்டு. கோயம்புத்தூரில் இருந்து அம்மா கொண்டுவந்த 230 வோல்ட் கிரைண்டரை ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டும் வீடுகள் நம்மிடையே ஏராளம். டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைத்தான் மாற்றும், அலைவெண்ணை மாற்றாது. இந்தியாவில் 50 ஹெர்ட்ஸ், இங்கே 60. 50 ஹெர்ட்ஸுக்குச் செய்த இண்டக்‌ஷன் மோட்டார் இங்கே ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வேகமாகச் சுற்றும். வேகம் கூடினால் மாவும் சீக்கிரம் சூடாகும். அப்படி ஓட்டும் ஒருவர் கொடுக்கும் நட்சத்திரமும், இங்கேயே 110 வோல்ட்டில் வாங்கிய ஒருவர் கொடுக்கும் நட்சத்திரமும் வெவ்வேறு இயந்திரத்தைப் பற்றியவை. எழுதிய விமர்சனத்தில் பெரும்பாலும் எந்த அளவு, எந்த மாடல் என்று பெயருக்குக் கீழே ஒரு வரி இருக்கும். அது இல்லாவிட்டாலும், எழுதியதைப் படித்தால் ஊகித்துவிடலாம்.

இந்தக் குவியலை வேண்டுமென்றே பயன்படுத்தியவர்களும் உண்டு. 2023 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன், 'தி பௌண்டிஃபுல் கம்பெனி' என்ற வைட்டமின் நிறுவனத்தின் மீது நடவடிக்கை எடுத்தது. நன்றாக விற்கும் பழைய பொருளோடு வேறொரு புதுப் பொருளை, அதன் இன்னொரு வகை என்பதுபோல அமேசானில் இணைக்க வைத்தார்கள், பழையதன் நட்சத்திரங்களும் விமர்சனங்களும் புதியதின் மேல் ஏறிக்கொண்டன என்பது குற்றச்சாட்டு. 6 லட்சம் டாலர் கட்ட வேண்டியதாயிற்று. இப்படி இணைத்த பக்கத்தில் எழுத்து இருந்தால் வாடிக்கையாளர் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது: வாங்கப்போவது ஒரு மாத்திரை, விமர்சனத்தில் வேறொரு மாத்திரையின் பெயர் இருந்தால் உறுத்தும். வெறும் நட்சத்திரத்தில் உறுத்த என்ன இருக்கிறது?

சரி, கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் சராசரி அத்தனை நம்பத்தக்கதா? கொலராடோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மூன்று ஆய்வாளர்கள் 1,272 பொருள்களின் அமேசான் நட்சத்திரங்களை, 'கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்' சோதனைக்கூட மதிப்பெண்களோடு ஒப்பிட்டு 2016-ல் வெளியிட்டார்கள். இரண்டுக்கும் இடையிலான பொருத்தம் பலவீனமாகத்தான் இருந்தது. ஆனால் வாங்குகிறவர்கள் அந்தச் சராசரியை அளவுக்கு மீறி நம்புகிறார்கள் என்பதும் அதில் தெரிந்தது. எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. எட்டாவது நாளில் நான் மதிப்பிட்டது கிரைண்டரின் மோட்டாரை அல்ல; அன்றைக்கு இட்லி பூப்போல வந்த சந்தோஷத்தை.

அன்று மாலை படித்தவற்றில் எனக்கு மிகவும் உதவியது ஒரு ஒற்றை நட்சத்திர விமர்சனம். கோபமாக எழுதியிருந்தார். "இட்லி கல்லு மாதிரி இருக்கு, பணம் வேஸ்ட்" என்று தொடங்கியது. ஆனால் கோபத்திலும் விவரம் விடவில்லை. அரிசியும் உளுந்தும் சேர்த்தே போட்டேன், பன்னிரண்டு நிமிடம் அரைத்தேன், ராத்திரி கிச்சன் மேடையில் வைத்தேன், ஜனவரி மாதம் என்று எல்லாம் இருந்தது. படித்ததும் புரிந்தது, இவர் இட்லி கல்லானதற்குக் கிரைண்டர் காரணம் இல்லை. உளுந்தைத் தனியாக, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்து அரைத்தால்தான் பொங்கும். நியூ ஜெர்சி ஜனவரியில் கிச்சன் மேடையில் மாவு புளிக்காது, விளக்கைப் போட்டுவிட்டு அவனுக்குள் வைக்க வேண்டும். அவர் கொடுத்த நட்சத்திரத்தை நான் ஏற்கவில்லை. ஆனால் பன்னிரண்டு நிமிடத்தில் அரிசி எவ்வளவு நைசாக வந்தது என்றும் எழுதியிருந்தார் பாருங்கள், அது எனக்குப் பயன்பட்ட தகவல். தப்பான தீர்ப்பைக்கூட, காரணத்தோடு சொன்னால் படிப்பவர் திருத்திக்கொள்ளலாம். காரணம் இல்லாத சரியான தீர்ப்பை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

இன்னொருவர் மூன்று நட்சத்திரம் கொடுத்திருந்தார். ஐந்து பேர் குடும்பம். மூன்று கப்புக்கு மேல் போட்டால் திணறுகிறது, இரண்டு ஈடாகப் பிரித்து நடுவில் நாற்பது நிமிடம் விடுகிறேன், எட்டு மாதமாக ஓடுகிறது, பெல்ட் ஒருமுறை மாற்றினேன் என்று எழுதியிருந்தார். என் தோழி படித்திருக்க வேண்டியது இதைத்தான். ஆனால் அது நான்காவது பக்கத்தில் இருந்தது. நாலரைச் சராசரியைப் பார்த்துவிட்டு, தெரிந்த அக்காவும் அஞ்சு ஸ்டார் என்று சொன்ன பிறகு, நான்காவது பக்கம்வரை யார் போவார்கள்?

நீளமாக எழுதினால் போதும் என்றும் சொல்ல வரவில்லை. "சூப்பர் ப்ராடக்ட், என் மனைவிக்கு ரொம்பப் பிடித்தது, டெலிவரி ஃபாஸ்ட், பேக்கிங் அருமை" என்று பத்து வரி போட்டவர்களும் அங்கே இருந்தார்கள். அந்தப் பத்து வரியில் அரிசி என்ற சொல்லே வரவில்லை.

அன்றிரவே என் மதிப்பீட்டைத் திருத்தினேன். நட்சத்திரத்தை நான்காக்கினேன், கீழே இப்படி எழுதினேன்: "110 வோல்ட், 2 லிட்டர் மாடல். வீட்டில் இரண்டு பேர். வாரம் ஒருமுறை 2 கப் இட்லி அரிசி, அரை கப் உளுந்து. உளுந்து 25 நிமிடம், அரிசி 20 நிமிடம், நடுவில் கால் மணி ஓய்வு. ஐந்து மாதமாகப் பிரச்சினை இல்லை. ஆறு பேர் குடும்பத்தில் ஒரே ஈடாக 6 கப் போட்டவருக்கு ஆறாவது வாரம் மோட்டார் போய்விட்டது. பெரிய குடும்பம் என்றால் பிரித்து அரையுங்கள், இல்லாவிட்டால் பெரிய மாடல் பாருங்கள். சத்தம் அதிகம், அபார்ட்மென்டில் இருப்பவர்கள் ராத்திரி ஓட்ட முடியாது."

தோழிக்கு அனுப்பிக் காட்டினேன். படித்துவிட்டு, "ஓய்வுன்னு எழுதினதோட, மோட்டார் இருக்கிற அடிப்பக்கத்தைத் தொட்டுப் பாக்கணும்னும் போடுங்கக்கா. கடைசி ரெண்டு வாரம் கை வைக்க முடியாத சூடு. எனக்குத்தான் அது என்னன்னு தெரியல" என்றாள். அதையும் சேர்த்தேன்.