காலியாகக் கிடந்த இன்குபேட்டர்கள்

2007-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில், ஏழை நாடுகளுக்கான மலிவுப் பொருட்களை வடிவமைக்கும் வகுப்பு ஒன்றில், ஒரு மாணவர் குழுவுக்குக் குறைந்த விலை இன்குபேட்டர் செய்யும் பணி தரப்பட்டது. எடை குறைந்து பிறக்கும் குழந்தையின் உடலில் போதிய கொழுப்பு இருக்காது. அதனால் தன் உடல் சூட்டைக் காத்துக்கொள்ள அதற்கு முடியாது. சூடு தரும் அந்தப் பெட்டி அப்போது சுமார் 20,000 டாலர். பாகங்களைக் குறைத்து மலிவாக்கினால் போதும் என்றுதான் முதலில் தோன்றும்.

குழுவில் ஒருவரான லினஸ் லியாங் காத்மாண்டுவுக்குப் போனார். அங்கே மருத்துவமனையில் நன்கொடையாக வந்த இன்குபேட்டர்கள் காலியாகக் கிடந்தன. குழந்தைகள் பிறந்ததும் இறந்ததும் தொலைவிலிருந்த கிராமங்களில். பெட்டியின் விலை பத்தில் ஒன்றாகக் குறைந்திருந்தாலும் அந்தக் குழந்தைகளுக்குப் பயன் இருந்திருக்காது.

ஸ்டார்ட்அப் பாடங்களில் இன்று மாணவர்கள் நிரப்பும் 'வேல்யூ ப்ரபோசிஷன் கேன்வாஸ்' என்ற தாள் இந்த இடறலைத் தவிர்க்கவே உதவுகிறது. அலெக்சாண்டர் ஆஸ்டர்வால்டரும் உடன் எழுதியவர்களும் 2014-இல் வெளியிட்ட நூலால் அது பரவியது. வலப்பக்க வட்டத்தில் வாடிக்கையாளர்: அவர் முடிக்க வேண்டிய வேலை, அதில் அவர் படும் வலி, அவர் எதிர்பார்க்கும் ஆதாயம். இடப்பக்கச் சதுரத்தில் நம் பொருள், அது வலியைத் தணிக்கும் விதம், ஆதாயம் தரும் விதம். வட்டத்தைத்தான் முதலில் நிரப்ப வேண்டும். மாணவர்கள் பலர் சதுரத்தை மனதில் வைத்துக்கொண்டே வட்டத்தை எழுதிவிடுகிறார்கள். "வாடிக்கையாளருக்கு நல்ல செயலி இல்லை" என்று வலிப் பகுதியில் ஒரு வரி இருந்தால் அது நடந்துவிட்டது என்று பொருள். செயலி இல்லாமை யாருக்கும் வலி ஆகாது.

அந்த ஸ்டான்ஃபோர்டு குழுவிடம் அப்போது இந்தத் தாள் இல்லை. அவர்கள் கண்டதை வைத்து நாமே நிரப்பிப் பார்க்கலாம். வாடிக்கையாளர் கிராமத்துத் தாய். வேலை, குழந்தையின் உடல் சூட்டைக் காப்பது. வலிகளில் முதலாவது மருத்துவமனையின் தூரம். அடுத்தது மின்சாரம் எப்போது போகும் என்று தெரியாதது. மூன்றாவது, பெட்டிக்குள் வைத்தால் குழந்தையைப் பிரிந்திருக்க வேண்டியது. குழந்தையை மடியில் வைத்தபடியே சூடாக வைத்திருப்பது அவள் விரும்பும் ஆதாயம்.

குழு கடைசியில் செய்தது 'எம்பிரேஸ்' என்ற சிறு உறக்கப் பை. அதற்குள் மெழுகு போன்ற பொருள் அடைத்த ஒரு பொதி. சூடாக்கினால் உருகும், திரும்ப உறையும்போது 37 டிகிரி செல்சியஸை ஒட்டியே நின்று நான்கு முதல் ஆறு மணி நேரம் சூடு தரும். ஆகவே இடைவிடாத மின்சாரம் வேண்டாம். பை சிறியது, தூரத்துக்குத் தூக்கிப் போகலாம். தாய் கையிலும் ஏந்திக்கொள்ளலாம். ஒவ்வொரு அம்சத்திலிருந்தும் எதிர்ப்பக்கத்தில் ஒரு வலிக்கோ ஆதாயத்துக்கோ கோடு போக முடிகிறது. கோடு போகாத அம்சத்தை, எவ்வளவு அழகாக இருந்தாலும், எடுத்துவிட வேண்டும்.

ஆனால் கோடு போட்டுவிட்டதால் பொருத்தம் வந்துவிடாது. முதல் மாதிரியில் வெப்பநிலையை எண்ணாகக் காட்டும் பட்டை இருந்தது. இந்தியக் கிராமம் ஒன்றில் ஒரு தாயிடம் அதைக் காட்டியபோது, 37 டிகிரி வரை தான் சூடாக்க மாட்டேன் என்றார். மேலைநாட்டு மருந்து வீரியமானது என்பது அவர் எண்ணம். மருத்துவர் ஒரு கரண்டி சொன்னால் அரைக் கரண்டிதான் கொடுப்பார். அதே எச்சரிக்கையில் 30 டிகிரியில் நிறுத்தியிருப்பார், குழந்தை குளிர்ந்திருக்கும். 'அதிகம் கொடுத்துவிடுவேனோ' என்ற அந்த அச்சம் முன்பே தாளில் எழுதப்படாத வலி. குழு எண்களை எடுத்துவிட்டு, சரி, சரியில்லை என்று மட்டும் காட்டும்படி மாற்றியது. மேசையில் உட்கார்ந்து யாரும் இதை ஊகித்திருக்க முடியாது. மாதிரியைக் கையில் கொடுத்து, "இப்போது என்ன செய்வீர்கள்?" என்று கேட்டதால்தான் வெளிவந்தது. "இது பிடித்திருக்கிறதா?" என்று கேட்டிருந்தால் மரியாதைக்கு ஆமாம் என்றிருப்பார்.

ஒப்பிடும்போது தாய் இன்று செய்வதையும் எழுத வேண்டும். கொலம்பியாவின் போகோட்டாவில் 1970-களின் இறுதியில் தொடங்கிய கங்காரு தாய் பராமரிப்பில், குழந்தை தாயின் மார்போடு தோல் படும்படி அணைத்து வைக்கப்படும். செலவே இல்லை. ஆகவே எம்பிரேஸின் உண்மையான இடம், தாய் களைத்த நேரமும், நோயுற்ற நேரமும், வழிப்பயணமும். இலவச மாற்றைத் தாளில் எழுதாத மாணவர் தம் பொருளின் மதிப்பை மிகையாகவே கணக்கிடுவார்.

இன்னொரு தாளும் தேவை. பையைப் பயன்படுத்துபவர் தாய். பணம் கொடுப்பது பெரும்பாலும் மருத்துவமனை, அரசு அல்லது தொண்டு நிறுவனம். மருத்துவமனை நிர்வாகியின் வலி வேறு: அடுத்தடுத்த குழந்தைகளுக்குப் பயன்படும் பையில் தொற்று ஒட்டக்கூடாது, செவிலியருக்கு வேலை கூடக்கூடாது, கருவி பழுதானால் பழுது பார்க்க ஆள் வேண்டும். தாய்க்குப் பெரிதான 'மடியில் ஏந்தலாம்' என்பது அவருடைய கொள்முதல் பட்டியலில் இல்லாமலே போகலாம். இரண்டு பேரையும் ஒரே வட்டத்தில் எழுதினால் இருவருக்கும் பொருந்தாத ஒரு கற்பனை வாடிக்கையாளர்தான் கிடைப்பார். அதனால் இரண்டு தாள்களையும் தனித்தனியே நிரப்பி, இரண்டிலும் கோடு போகும் அம்சம் எது என்று பாருங்கள். எளிதில் துடைத்துச் சுத்தம் செய்யக்கூடிய பை அப்படிப்பட்டது; முதல் மாதிரியை அதிலிருந்து தொடங்கலாம்.