திட்டுவதை நிறுத்தினால் அது தண்டனையா?

மேலாண்மை படிக்கும் மாணவர்களைத் தடுமாற வைக்கும் ஒரு கேள்வி: "ஓர் ஊழியர் தினமும் தாமதமாக வருகிறார். மேற்பார்வையாளரும் தினமும் கடிந்துகொள்கிறார். ஊழியர் நேரத்துக்கு வரத் தொடங்கியதும் கடிந்துகொள்வதை நிறுத்திவிடுகிறார். அப்படி நிறுத்தியது எந்த வகை?" கீழே நான்கு விடைகள் இருக்கும்: நேர்மறை வலுவூட்டல், எதிர்மறை வலுவூட்டல், தண்டனை, மறையச் செய்தல்.

'கடிந்துகொள்கிறார்' என்பதைப் பார்த்ததும் பாதிப் பேர் தண்டனை என்று குறித்துவிடுவார்கள். 'நிறுத்திவிடுகிறார்' என்பதைப் பிடித்துக்கொண்டு வேறு சிலர் மறையச் செய்தல் என்பார்கள். இரண்டும் தவறு. சரியான விடை எதிர்மறை வலுவூட்டல்.

இந்தப் பாகுபாடு அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னரிடமிருந்து வந்தது. அவர் எலிகளை ஒரு சிறு பெட்டிக்குள் விட்டுச் சோதித்தார். நெம்புகோலை அழுத்தினால் தீனி விழும் என்றால், எலி மேலும் மேலும் அழுத்தும். எலிக்குப் பிடிக்காத ஒன்று, உதாரணமாகத் தரையில் ஓடும் லேசான மின்சாரம், நெம்புகோலை அழுத்தியதும் நின்றுவிடும் என்றாலும் அதே கதைதான், அழுத்துவது கூடும். முதலாவதில் நல்லது வந்தது, இரண்டாவதில் கெட்டது போனது. இரண்டிலும் செயல் வலுப்பெற்றது. ஆகவே இரண்டுமே வலுவூட்டல். 'எதிர்மறை' என்பது இங்கே கணக்கில் போடும் கழித்தல் குறிதான். கெடுதல் என்று பொருள் கொண்டால் அங்கேயே வழி தவறிவிடும். காரில் சீட் பெல்ட் போடும்வரை 'டிங் டிங்' என்று மணி அடிக்கிறதே, அந்த ஓசை நிற்பதற்காகவே பெல்ட்டை மாட்டுகிறோம். அது எதிர்மறை வலுவூட்டல்.

கேள்வியைப் பிரிக்க வேண்டுமானால் முதலில் பார்க்க வேண்டியது எந்தச் செயலைப் பற்றிக் கேட்கிறார்கள் என்பதை. இதைத்தான் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். செயல் எதுவென்று தெரிந்த பிறகு, அது கூடியதா குறைந்ததா என்று பார்க்க வேண்டும். கூடினால் வலுவூட்டல், குறைந்தால் மற்ற இரண்டில் ஒன்று. கடைசியாக, அந்தச் செயலைத் தொடர்ந்து ஏதாவது வந்ததா, இருந்தது போனதா, அல்லது வழக்கமாக வருவது வராமல் நின்றதா என்று பார்த்தால் விடை தானாக வரும்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் தையல் லைனை எடுத்துக்கொள்வோம். கை வைத்துத் தைக்கும் ஒரு டெய்லருக்கு மணிக்கு இத்தனை பீஸ் என்று டார்கெட். டார்கெட் விழாத நேரத்தில் சூப்பர்வைசர் அவர் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுகொள்கிறார். எதுவும் பேசுவதில்லை, கடிகாரத்தை மட்டும் பார்க்கிறார். கணக்கு நேராகிவிட்டால் அடுத்த மெஷினுக்கு நகர்ந்துவிடுகிறார். டெய்லர் வேகமாகத் தைப்பது அந்த ஆள் நகர வேண்டும் என்பதற்காக. வேகம் என்ற செயல் கூடியது, பிடிக்காத ஒன்று போனது: எதிர்மறை வலுவூட்டல்.

அதே டெய்லர் பக்கத்து மெஷின்காரரோடு பேசிக்கொண்டிருக்கும்போது அதே சூப்பர்வைசர் லைன் முழுக்கக் கேட்கும்படி ஒரு சத்தம் போடுகிறார், பேச்சு நின்றுபோகிறது என்று வையுங்கள். பேச்சு என்ற செயலுக்குப் பின் கெட்டது ஒன்று வந்தது, பேச்சு குறைந்தது. அது தண்டனை. ஆக, ஒரே சூப்பர்வைசரின் ஒரே கடுகடுப்பு ஓரிடத்தில் தண்டனையாகவும் இன்னோரிடத்தில் வலுவூட்டலாகவும் வேலை செய்கிறது. செயலுக்குப் பின் வந்து செயலைக் குறைத்தால் தண்டனை. முன்பே இருந்து, செயலால் விலகி, செயலைக் கூட்டினால் எதிர்மறை வலுவூட்டல். முதல் கேள்விக்குத் திரும்பினால், தாமதம் என்ற செயலுக்குத் திட்டு தண்டனை. நேரத்துக்கு வருவது என்ற செயலுக்குத் திட்டு நின்றது எதிர்மறை வலுவூட்டல். கேள்வி கேட்டது நிறுத்தியதைப் பற்றி.

நேர்மறை வலுவூட்டலில் குழப்பம் குறைவு என்று நினைப்போம். ஆனால் தீபாவளிக்கு எல்லோருக்கும் ஒரே மாதிரி இனிப்புப் பெட்டி கொடுத்தால் அது நேர்மறை வலுவூட்டல் ஆகாது. குறிப்பிட்ட எந்தச் செயலோடும் அது ஒட்டவில்லை. 1970-களின் தொடக்கத்தில் பாடப்புத்தகங்களுக்குள் நுழைந்த எமரி ஏர் ஃப்ரைட் என்ற அமெரிக்கச் சரக்கு விமான நிறுவனத்தின் கதை இதற்கு நல்ல எதிர் உதாரணம். சிறு பார்சல்களைப் பெரிய கண்டெய்னரில் ஒன்றாகப் போட்டு அனுப்பினால் செலவு குறையும். முடிந்த இடத்தில் எல்லாம், சுமார் 90 சதவீதம், அப்படித்தான் செய்கிறோம் என்று ஊழியர்கள் நம்பினார்கள். எண்ணிப் பார்த்தபோது 45 சதவீதம்தான் இருந்தது. எட்வர்ட் ஃபீனி என்ற அதிகாரி ஊழியர்களே தினமும் கணக்குக் குறிக்கும் ஒரு பட்டியலைக் கொடுத்தார். எண்ணிக்கை ஏறும்போது மேலாளர்கள் எது ஏறியது என்று குறிப்பாகச் சொல்லிப் பாராட்டினார்கள். கண்டெய்னர் பயன்பாடு 90 சதவீதத்தைத் தாண்டியது. "எல்லோரும் நல்லா பண்றீங்க" என்ற பொதுப் பாராட்டாக இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்பது என் கணிப்பு.

உண்மையில் அதிகம் பேரைக் கவிழ்ப்பது மறையச் செய்தல்தான். ஒரு செயலை இதுவரை தாங்கிப் பிடித்த பலன் எதுவோ, அதைக் கொடுக்காமல் விடுவது மறையச் செய்தல். புதிதாகக் கெட்டது எதுவும் சேர்வதில்லை, கையில் இருந்த எதையும் பிடுங்குவதும் இல்லை. காலைக் கூட்டத்தில் ஒருவர் எதற்கெடுத்தாலும் குறுக்கே பேசுகிறார். சூப்பர்வைசர் ஒவ்வொரு தடவையும் நின்று பதில் சொல்கிறார். அந்தக் கவனம்தான் அவருக்குக் கூலி. ஒரு நாளிலிருந்து சூப்பர்வைசர் காதில் விழாததுபோல் கூட்டத்தை நடத்திக்கொண்டு போனால் குறுக்குப் பேச்சு மெல்ல அடங்கும். பாடப்புத்தகம் இங்கேயே நிறுத்திக்கொள்ளும்.

லைனில் நடப்பது வேறு. முதல் சில நாட்கள் குறுக்குப் பேச்சு குறையாது, கூடும். வழக்கமாக வந்த பலன் வராதபோது செயல் கொஞ்ச காலம் இன்னும் உரக்க எழும்புவது ஆய்வாளர்கள் நன்கு அறிந்த ஒன்று. அந்த நேரத்தில் பொறுமை இழந்து சூப்பர்வைசர் ஒரு தடவை திரும்பிப் பதில் சொல்லிவிட்டால் போச்சு. உரக்கக் கத்தினால் பலன் உண்டு என்று அவரே கற்றுக்கொடுத்தவர் ஆகிறார். எப்போதாவது ஒருமுறை மட்டும் பலன் கிடைத்துப் பழகிய செயல், ஒவ்வொரு முறையும் கிடைத்துப் பழகியதைவிடப் பிடிவாதமாக நிற்கும். இன்னொன்று: அந்த ஆள் பேசும்போது பின்வரிசையில் நான்கு பேர் சிரிக்கிறார்கள் என்றால் சூப்பர்வைசர் பாராமுகமாக இருந்து பயனில்லை. பலன் அவர் கையில் இல்லை, பின்வரிசைச் சிரிப்பில் இருக்கிறது.

நல்ல பழக்கமும் இதே வழியில் செத்துப்போகும். கட் பீஸில் ஷேடு மாறியிருந்தால் தைப்பதற்கு முன்பே எடுத்துக்காட்டும் ஒரு டெய்லர் இருக்கிறார். முன்பெல்லாம் சூப்பர்வைசர் வந்து பார்த்து, கட்டிங்குக்குத் திருப்பி அனுப்பி, "நல்லவேளை சொன்னீங்கக்கா" என்பார். புது சூப்பர்வைசர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுகிறார். சில வாரங்களில் அந்த அக்கா எடுத்துக்காட்டுவதை விட்டுவிடுகிறார். வந்ததைத் தைத்துத் தள்ளுகிறார். யாரும் அவரைத் திட்டவில்லை, எதையும் பறிக்கவில்லை. இதுவும் மறையச் செய்தல்தான், செய்தவருக்கே தெரியாமல் செய்தது. செக்கிங் டேபிளில் ஆல்டர் பீஸ் குவியும்போதுதான் வெளியே தெரியும்.

இனி, சில பாடக் குறிப்புகளே குழப்பி எழுதும் இடம். "தாமதமாக வந்த ஊழியரின் வருகை போனஸை மேற்பார்வையாளர் ரத்து செய்தார்" என்றால்? நல்லது ஒன்று போனது, ஆகவே மறையச் செய்தல் என்று எழுதியிருப்பார்கள். இல்லை. அந்த ஊழியர் தாமதமாக வருவது போனஸுக்காகவா? காலையில் இன்னும் அரை மணி தூங்கலாம் என்பதற்காகவோ, பிள்ளையைப் பள்ளியில் விட்டு வருவதற்காகவோ இருக்கும். தாமதத்தைத் தாங்கிப் பிடித்த பலன் அப்படியே இருக்கிறது. சம்பந்தமில்லாத வேறொரு நல்லதைப் பறித்திருக்கிறார்கள். அது தண்டனையின் இரண்டாவது வகை, அபராதம் போடுவது போல. (அபராதத்துக்குச் சட்டம் எல்லை போட்டிருக்கிறது: ஒரு ஊதிய காலத்தில் கூலியில் 3 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, விதிக்குமுன் தொழிலாளியின் விளக்கத்தைக் கேட்க வேண்டும்.) போன நல்லது, அந்தச் செயலை வளர்த்த அதே பலனா என்று ஒரு தடவை கேட்டுக்கொண்டால் இந்தக் குழப்பம் தீரும்.

தேர்வுக் கேள்விகளில் ஒரு குறை உண்டு. மேற்பார்வையாளர் என்ன செய்தார் என்று சொல்வார்கள். ஊழியரின் செயல் கூடியதா குறைந்ததா என்று சொல்ல மாட்டார்கள். கூட்டத்தில் பெயர் சொல்லிப் பாராட்டினால் கூனிக் குறுகிப்போய், அடுத்த முறை பாராட்டுக்கே தப்பித்து ஓடும் ஆட்கள் உண்டு. ஸ்கின்னர் கணக்கில் அவர்களுக்கு அந்தப் பாராட்டு தண்டனை. விளைவு சொல்லாத கேள்வியில் மேற்பார்வையாளர் என்ன நோக்கத்தில் செய்தாரோ அதையே விளைவாக எடுத்துக்கொண்டு விடை குறியுங்கள், மதிப்பெண் அதற்குத்தான். தொழிற்சாலையில் மட்டும் நோக்கத்தை நம்பாமல் அடுத்த வாரத்துக் கணக்கைப் பாருங்கள்.

இந்தக் கேள்விகள் எல்லாம் ஊழியரைப் பற்றியே கேட்கின்றன. சூப்பர்வைசரையும் இதே பெட்டிக்குள் வைத்துப் பார்க்கலாம். லைனில் சளசளவென்று பேச்சு, அவர் ஒரு சத்தம் போடுகிறார், உடனே அமைதி. அவருக்கு எரிச்சலாக இருந்தது அந்த நொடியே விலகிவிட்டது. பத்து நிமிடம் கழித்து பேச்சு மறுபடி தொடங்கலாம். அதற்குள் அவருக்கு வேண்டிய பலன் கிடைத்துவிட்டது. பாராட்டினால் வரும் பலன் வாரக் கடைசியில்தான் கணக்கில் தெரியும், சத்தம் போட்டால் பலன் உடனே. அதனால் நாளடைவில் அவர் சத்தம் போடுவது கூடுகிறது. லைனுக்கு அது தண்டனை. அதைக் கொடுக்கும் சூப்பர்வைசருக்கு எதிர்மறை வலுவூட்டல்.