'டிராவல் எக்ஸ்ட்ரா': மணப்பெண் மேக்கப்புக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்

"பிரைடல் பேக்கேஜ் ரூ.18,000 முதல். ட்ரையல் உண்டு. டிராவல் சார்ஜ் தனி. அட்வான்ஸ் திருப்பித் தரப்படாது." இன்ஸ்டாகிராமில் அழகான மணப்பெண் படத்துக்குக் கீழே இப்படி நான்கு வரி இருக்கும். கல்யாண வீட்டில் பின்னால் எழும் சண்டைகள் பலவும் இந்த நான்கு வரியில்தான் தொடங்குகின்றன.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கும்பகோணத்தில் கல்யாணம், மேக்கப் கலைஞர் திருச்சியிலிருந்து வருகிறார். முதல் நாள் மாலை ரிசப்ஷன், மறுநாள் விடிகாலை முகூர்த்தம். அந்த 18,000 ஒரு முறை அலங்காரத்துக்கு மட்டும்தான். முகூர்த்த அலங்காரத்துக்கு இன்னொரு 14,000 என்று வைத்துக்கொள்வோம். ட்ரையலுக்கு 3,000, போய்வரக் காருக்கு 3,000, இரவு தங்க அறைக்கு 2,000, சேலை கட்டிவிடவும் ஜடை வைக்கவும் வரும் உதவியாளருக்கு 2,500, விடிகாலை 3 மணிக்கே வேலை தொடங்குவதால் 1,500. மொத்தம் 44,000 ரூபாய். இதில் எந்தத் தொகையும் அநியாயம் இல்லை. முன்கூட்டியே சொல்லாமல் மண்டபத்தில் வைத்துக் கேட்பதுதான் அநியாயம்.

பேக்கேஜின் பெயரைவிட அதில் என்ன அடங்கும் என்பதே முக்கியம். 'எச்.டி.' என்பதற்கு அரசு நிர்ணயித்த தரம் எதுவும் கிடையாது. ஒவ்வொருவரும் ஒவ்வொரு பொருளில் சொல்கிறார்கள். 'ஏர்பிரஷ்' என்பது சிறு இயந்திரத்தால் ஃபவுண்டேஷனைத் தெளித்துப் பூசும் முறை. ஆகவே எந்த பிராண்டு, ஐலாஷ், லென்ஸ், பூ ஜடை, சேலை கட்டுதல் இவற்றில் எவை சேரும், அன்று வரப்போவது அவரேயா, அவருடைய உதவியாளரா என்று கேளுங்கள்.

ட்ரையல் எதற்கு?

ட்ரையல் முகத்தை அழகு பார்ப்பதற்கு மட்டும் அல்ல, தோல் ஏற்கிறதா என்று பார்ப்பதற்கும்தான். ஐலாஷ் ஒட்டும் பசை சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. அரிப்பும் வீக்கமும் உடனே வராமல் இரண்டு மூன்று நாள் கழித்தும் வரலாம். அதனால் கல்யாணத்துக்கு முந்தின நாள் வைக்கும் ட்ரையலால் பயன் இல்லை. குறைந்தது பத்து நாள் இடைவெளி விடுங்கள். அன்று பயன்படுத்திய பொருட்களின் லேபிளையும் காலாவதித் தேதியையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் வெயில் வெளிச்சத்தில் ஒரு படம், இருட்டில் ஃபிளாஷ் போட்டு ஒரு படம். கண்ணுக்குக் கீழே வெள்ளையாகத் திட்டு தெரிந்தால் பவுடரை மாற்றச் சொல்லுங்கள். நான்கைந்து மணி நேரம் கழுவாமல் இருந்து, வியர்வைக்கு எப்படித் தாங்குகிறது என்றும் பாருங்கள்.

ஒரே ஒரு செய்தி

அட்வான்ஸ் அனுப்பும் முன் வாட்ஸ்அப்பில் இப்படி எழுதி, "சரி" என்ற பதிலை வாங்கிவிடுங்கள்: "ரிசப்ஷன், முகூர்த்தம் இரண்டும் சேர்த்து, உதவியாளர், கார், அறை உட்பட மொத்தம் ரூ.44,000. ட்ரையல் கட்டணம் இதில் அடக்கம். மேக்கப் போடுவது நீங்களே. முகூர்த்தத்துக்கு மண்டபத்துக்கு வரும் நேரம் காலை 3 மணி. நீங்கள் வர முடியாமல் போனால் முழு அட்வான்ஸும் திரும்ப. நாங்கள் ரத்து செய்தால் இவ்வளவு கழிவு." இந்தச் செய்தியும் அந்த விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டும்தான் பிறகு உங்கள் சாட்சி. பணம் கட்டியதற்கு ரசீதும் கேளுங்கள். ரசீது தராமல் இருப்பதே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. முக்கியமான விவரத்தை வேண்டுமென்றே மறைக்கும் விளம்பரத்தை அதே சட்டம் தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்கிறது.

'அட்வான்ஸ் திருப்பித் தரப்படாது' என்ற வரியைக் காட்டி, கலைஞர் வராமல் போனதற்கும் பணத்தை வைத்துக்கொள்ள முடியாது. அது சேவைக் குறைபாடு. கடைசி நேரத்தில் நீங்களே ரத்து செய்தால் நிலைமை வேறு. அந்த முகூர்த்த நாளை உங்களுக்காக ஒதுக்கி, வேறு வேலையை விட்டவருக்கு நியாயமான இழப்பீடு உண்டு.

தவறு நடந்துவிட்டால்

மேக்கப்பைக் கலைக்கும் முன் படம் எடுங்கள். தோல் வீங்கினால் மருத்துவரின் சீட்டை வைத்திருங்கள். நடந்ததையும் கேட்கும் தொகையையும் எழுதி, 15 நாள் கெடு கொடுத்துக் கலைஞருக்கு அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். அவர்கள் பேசித் தீர்க்க முயல்வார்கள். உத்தரவு போட அதிகாரம் இல்லை. அந்த அதிகாரம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கு உண்டு. கலைஞர் எந்த ஊராக இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். ஆணையம் முதலில் கேட்பது, என்ன பேசிக்கொண்டீர்கள் என்பதற்கான ஆதாரம். அதனால் கல்யாணம் முடிந்ததும் அந்த வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடாதீர்கள்.